விரலும் தண்ணீர்தான்

மின்விசிறி மெதுவாகச் சுற்றினால், வந்து பார்க்கும் எலக்ட்ரீஷியன் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "கண்டன்சர் போயிருச்சு சார்." பிளாஸ்டிக் டப்பா போன்ற ஒன்றைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவார், விசிறி வேகம் பிடிக்கும். அந்த டப்பாவுக்குள் இருப்பது நடுவில் மின்சாரம் கடத்தாத ஒரு தாளை வைத்துச் சேர்த்துச் சுருட்டிய இரண்டு உலோகப் படலங்கள். ஒரு படலத்தில் மின்னூட்டம் ஏறினால், தொடாமலே மற்றதிலும் அதன் பாதிப்பு தெரியும். உங்கள் கையில் இருக்கும் செல்போன் திரைக்குள்ளும் இதே கண்டன்சர்கள்தான் இருக்கின்றன. ஒன்றல்ல, சுமார் 500. அளவுதான் வேறு. விசிறியில் இருப்பது பொதுவாக 2.5 மைக்ரோஃபாரட். திரையில் இருக்கும் ஒவ்வொன்றும் 1 பிக்கோஃபாரட் அளவுக்குத்தான் வரும், அதாவது ஏறக்குறைய 25 லட்சத்தில் ஒரு பங்கு.

திரைக் கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத கடத்திக் கோடுகள் நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடுகின்றன. பல திரைகளில் இவை இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. ஒளியை விடும், மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். கோட்டுக்கும் கோட்டுக்கும் இடைவெளி 4 முதல் 5 மில்லிமீட்டர். நெடுக்கில் 15, குறுக்கில் 30-க்கு மேல் என்று வைத்துக்கொண்டால் அவை குறுக்கிடும் இடங்கள் 500-ஐத் தொடும். கோடுகள் அங்கே ஒன்றையொன்று தொடுவதில்லை. அதனால் ஒவ்வொரு சந்தியும் ஒரு குட்டிக் கண்டன்சர்.

ஒரு சிறு சில்லு குறுக்குக் கோடுகளுக்கு ஒவ்வொன்றாக மின்துடிப்பு அனுப்பி, நெடுக்குக் கோடுகளில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளக்கிறது. முழுத் திரையையும் ஒரு நொடிக்கு 60, 120 தடவை இப்படிச் சுற்றிவந்துவிடும். ஒரு கோட்டிலிருந்து மற்றதற்குப் போகும் மின்புலத்தில் கொஞ்சம் கண்ணாடிக்கு மேலேயும் வளைந்து எழுந்து இறங்குகிறது. விரலை வைத்தால் அந்த வளைவின் ஒரு பகுதியை நம் உடல் இழுத்துக்கொள்கிறது. மறுபக்கம் வந்து சேர்வது குறைகிறது. அந்தக் குறைவுதான் "தொட்டார்கள்" என்ற செய்தி.

நம் தோலின் மேற்பரப்பு நல்ல கடத்தி அல்ல. அது இங்கே தடையும் அல்ல, ஏனென்றால் மின்சாரம் விரலுக்குள் பாயத் தேவையில்லை. தோலுக்குப் பின்னால் உப்புத் தண்ணீர் நிரம்பிய பெரிய உடல் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த உடல் சுற்றுப்புறத்தோடு சேர்ந்து 100 பிக்கோஃபாரட் அளவுக்கு ஒரு கண்டன்சராக நிற்கிறது. 1 பிக்கோஃபாரட் சந்திக்கு அது ஒரு ஏரி.

நம்பிக்கை வரவில்லையென்றால் மிட்டாய் சுற்றிவந்த அலுமினியத்தாளில் ஒரு துண்டைத் திரைமேல் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அதன் ஓரத்தை விரலால் தொடுங்கள், திரை உடனே விழித்துக்கொள்ளும். தாள் மாறவில்லை, அதன் பின்னால் ஓர் உடல் வந்து சேர்ந்துகொண்டது.

கோடுகள் 5 மில்லிமீட்டர் தள்ளியிருந்தும் சின்ன எழுத்துகளைச் சரியாக அழுத்த முடிவது எப்படி? விரல் ஒரே சந்தியில் உட்காருவதில்லை, பக்கத்துச் சந்திகளிலும் படுகிறது. 10, 15, 20 மில்லிமீட்டரில் உள்ள மூன்று கோடுகளில் குறைவு முறையே 20, 60, 40 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இடத்தையும் அதன் குறைவால் பெருக்கிக் கூட்டினால் 1900. மொத்தக் குறைவு 120. வகுத்தால் 15.8. விரலின் நடு 15.8 மில்லிமீட்டரில் இருக்கிறது. விரலின் வடிவம் ஒழுங்கான சிறு மேடாக இருக்கும்வரை இந்தக் கணக்கு பிசகாது. ஈரம் கெடுப்பது இந்த வடிவத்தைத்தான்.

அதற்கு முன் ரெசிஸ்டிவ் திரையைப் பார்த்துவிடுவோம். 2004-இல் வந்த நின்டெண்டோ டிஎஸ், 2008-இல் வந்த நோக்கியா 5800 எல்லாம் அந்த வகை. மேலே வளையும் பிளாஸ்டிக் தாள், கீழே கண்ணாடி, இரண்டிலும் கடத்திப் பூச்சு, இடையில் அவை ஒட்டாமலிருக்கக் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகள். அழுத்தினால் மேல்தாள் கீழே படும். ஒரு தாளின் ஓர் ஓரத்தில் 5 வோல்ட், எதிர் ஓரத்தில் 0 வைத்திருக்கிறார்கள் என்றால், பட்ட இடத்தில் 3.75 வோல்ட் வந்தால் முக்கால் தூரத்தில் தொட்டிருக்கிறீர்கள். அடுத்த கணம் இன்னொரு தாளில் அதே வேலை, மேல் கீழ் தூரத்துக்காக. இதற்கு விரலே வேண்டாம், பேனா மூடி போதும். கை ஈரமா, உறை போட்டிருக்கிறதா என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. அதனால்தான் தொழிற்கூட இயந்திரங்களில் இன்னமும் அது உயிரோடு இருக்கிறது. ஆனால் அழுத்த வேண்டும், பிளாஸ்டிக் கீறல் விழும், சாதாரண வகையில் இரண்டு விரலை ஒன்றாக வைத்தால் குழம்பிவிடும். கெப்பாசிட்டிவ் திரை இதற்குப் பிந்தியது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் மால்வர்னில் இ. ஏ. ஜான்சன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக விரலை உணரும் திரையைப் பற்றி எழுதியது 1965-இல். அது வீட்டுக்கு வீடு வர 2007-இல் ஐபோன் வெளிவர வேண்டியிருந்தது.

இனி ஈரம். காய்ந்த திரையில் தனியாக ஒரு சொட்டு விழுந்தால் அதற்குப் பின்னால் உடல் இல்லை. அது மின்புலத்தை இழுத்துக்கொள்வதில்லை, இரண்டு கோடுகளுக்கும் நடுவே பாலம் போடுகிறது. மறுபக்கம் வந்து சேர்வது கூடுகிறது. விரல் குறைக்கும், சொட்டு கூட்டும். நேர் எதிர் என்பதால் சில்லு அதை எளிதில் ஒதுக்கிவிடுகிறது. ஆனால் சொட்டு அங்கேயே கிடந்தால் "இந்த இடம் இப்படித்தான் போல" என்று அந்தக் கூடிய அளவையே இயல்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு நீங்கள் துடைத்தால் அளவு சட்டென்று இறங்கும். சில்லுக்கு அது ஒரு தொடுகை! துடைத்த கையோடு ஏதோ ஒரு செயலி தானாகத் திறப்பதற்கு இது ஒரு காரணம்.

ஈரக் கை இன்னும் மோசம். பாத்திரம் கழுவிய கையோடு அழைப்பை எடுக்கப் போகிறீர்கள். விரல் பட்ட இடத்தில் தண்ணீர் பரவுகிறது. அது இப்போது தனிச் சொட்டு அல்ல, அலுமினியத்தாளைப் போல உங்கள் உடலோடு சேர்ந்துவிட்டது. ஆகவே குட்டை முழுவதும் ஒரு விரல். சில சந்திகளில் அளவு குறைகிறது, சில சந்திகளில் தண்ணீர் பாலம் போட்டுக் கூட்டுகிறது, ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. ஒழுங்கான மேடு உடைந்து இரண்டு மூன்று மேடுகளாகிறது. மேடு மிகவும் அகன்றுவிட்டால் உள்ளங்கை தவறிப் பட்டுவிட்டது என்று சில்லு புறக்கணித்துவிடும். நீங்கள் இழுக்க இழுக்கப் பச்சை பொத்தான் அசையாது. உப்பு நன்றாகக் கடத்துவதால் வியர்வையின் தொல்லை அதிகம்.

புதிய போன்கள் இதைச் சமாளிக்க இரண்டாவது அளவு ஒன்றையும் எடுக்கின்றன. சந்தியை அளக்காமல் ஒவ்வொரு கோட்டுக்கும் வெளியே இருக்கும் உடலுக்கும் இடையே உள்ளதை அளப்பது அது. எல்லாக் கோடுகளையும் ஒரே மின்னழுத்தத்தில் வைத்தால் தனிச் சொட்டு ஏறக்குறைய மறைந்துவிடும், விரல் மட்டும் தெரியும். மழைத்தூறலில் இது நன்றாகவே உதவுகிறது. கையோடு ஒட்டிய குட்டைக்கு அவ்வளவாக உதவாது. தண்ணீருக்குள் போனை முக்கினால் எல்லாச் சந்திகளும் மூழ்கிவிடும், எந்தத் தந்திரமும் பலிக்காது. அங்கே படம் எடுக்கப் பக்கவாட்டில் உள்ள ஒலிப் பொத்தான்தான் கதி.

இதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் Settings, About phone போய் Build number-ஐ ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். அதில் Pointer location-ஐப் போடுங்கள். விரல் வைத்த இடத்தில் குறுக்குக் கோடு வரும், மேலே P: 1 / 1 என்று எண்ணிக்கை காட்டும். காய்ந்த விரலால் ஒரு கோடு இழுங்கள், பிறகு நனைத்த விரலால் இழுங்கள். கோடு எங்கே அறுகிறது, எண்ணிக்கை எப்போது இரண்டாகிறது என்று கவனியுங்கள். முடிந்ததும் விரலை மட்டும் துடைத்துவிட்டு விடாதீர்கள், திரையையும் துடையுங்கள்.