வளைவு வர்றதுக்கு முன்னாடியே ஸ்டீயரிங் திரும்பணும்... டிரைவர் இல்லாத கார் எப்படிக் கணக்கு போடுது?

டிரைவர் இல்லாத ஒரு கார், நேர் ரோட்டில் 36 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது நொடிக்கு 10 மீட்டர். முன்னால் 10 மீட்டர் ஆரம் கொண்ட ஒரு வளைவு. பாதை முழுக்க மேப்பில் இருக்கிறது. அப்புறம் என்ன, பாதையைப் பார்த்துத் திரும்ப வேண்டியதுதானே?

அங்கேதான் சிக்கல். காரால் நினைத்ததும் திரும்ப முடியாது, நினைத்ததும் வேகத்தைக் குறைக்கவும் முடியாது.

முதலில் ஸ்டீயரிங். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.7 மீட்டர் இடைவெளி உள்ள கார், இந்த வளைவில் போக முன் சக்கரங்கள் சுமார் 15 டிகிரி திரும்ப வேண்டும். ஸ்டீயரிங் மோட்டார் நொடிக்கு 20 டிகிரிதான் திருப்பும் என்றால், இதற்கே முக்கால் நொடி ஆகும். 20 கி.மீ. வேகத்தில் வந்தாலும் அதற்குள் கார் 4 மீட்டர் போயிருக்கும். வளைவு தொடங்கிய பிறகு திருப்ப ஆரம்பித்தால், சக்கரம் சரியான கோணத்துக்கு வரும்போது கார் அரை மீட்டருக்கு மேல் வெளியே தள்ளிப் போயிருக்கும். மூக்கும் சுமார் 12 டிகிரி தப்பான பக்கம் பார்க்கும்.

அதே திருப்பத்தை 2 மீட்டர் முன்பே தொடங்கினால்? விலகல் சுமார் 7 செ.மீ. மட்டுமே, அதுவும் உள்பக்கமாக. மோட்டார் அதேதான், வேகமும் அதேதான். தொடங்கிய நேரம் மட்டும்தான் வேறு.

'இப்போ எவ்வளவு விலகியிருக்கேன்' என்று மட்டும் பார்க்கும் கன்ட்ரோலருக்கு இது தெரியவே தெரியாது. நேர் ரோட்டில் விலகல் பூஜ்யம், அதனால் அது சும்மா இருக்கும். மாடல் பிரடிக்டிவ் கன்ட்ரோல், சுருக்கமாக எம்பிசி, வேறு மாதிரி யோசிக்கும். கார் எப்படி நகரும் என்பதற்கான சமன்பாடுகள் அதனிடம் உண்டு. அதை வைத்து அடுத்த சில நொடிகளுக்கான ஸ்டீயரிங், பிரேக் திட்டத்தை முழுசாகப் போடும். '20 டிகிரிக்கு மேல் ஒரு நொடியில் திருப்பக் கூடாது' போன்ற வரம்புகளும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருக்கும். திட்டத்தின் முதல் 0.1 நொடியை மட்டும் செயல்படுத்திவிட்டு, மீதியைத் தூக்கிப் போட்டு, புதுசாகக் கணக்கு போடும். வீண் வேலை மாதிரி தெரியலாம். ஆனால் கார் உண்மையில் எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு முறையும் உள்ளே வருவதால், சின்னத் தவறுகள் சேர்ந்துகொண்டே போகாது.

இந்த முறை 1970-களில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் வளர்ந்தது. அங்கே ஒரு மாற்றம் தெரிய நிமிடக்கணக்கில் ஆகும். காருக்குக் கிடைப்பதோ 0.1 நொடி.

எவ்வளவு தூரம் முன்னால் பார்க்கணும்?

எம்பிசி போட்டாலும் சொதப்பக்கூடிய இடம் இது. வளைவில் காரைப் பக்கவாட்டில் இழுக்கும் முடுக்கம், வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால் வரும். அது 3 மீ/வி²-ஐத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தால், இந்த வளைவுக்குள் சுமார் 20 கி.மீ. வேகத்தில்தான் நுழையலாம். மெதுவாக, 2 மீ/வி² அளவில் பிரேக் பிடித்தால், அதற்கு 17.5 மீட்டர் தேவை.

ஆனால் எம்பிசி 1 நொடிதான் முன்னால் பார்க்கிறது என்றால், அதற்கு 10 மீட்டருக்கு மேல் எதுவும் தெரியாது. வளைவு கண்ணில் பட்டதும் பிரேக் பிடித்தாலும், 28 கி.மீ. வேகத்தில்தான் உள்ளே நுழையும். பக்கவாட்டு முடுக்கம் 6 மீ/வி². வரம்பைப் போல இரண்டு மடங்கு.

அப்போது எல்லா வரம்புகளையும் மதிக்கும் திட்டம் ஒன்றுகூட இருக்காது. ஐபாப்ட் என்ற சால்வரைப் பயன்படுத்தினால், திரையில் `Infeasible_Problem_Detected` என்று வரும். கார் ஓடிக்கொண்டிருக்கிறது, கன்ட்ரோலரிடமோ பதில் இல்லை. லாகில் இந்த வரி வளைவுகளுக்குச் சற்று முன்பாகவே திரும்பத் திரும்ப வந்தால், பார்வைத் தூரம் போதவில்லை என்று முதலில் சந்தேகப்படலாம்.

நேரடியான தீர்வு, 3 நொடி பார்ப்பது. 30 படிகள், படிக்கு ஒரு ஸ்டீயரிங், ஒரு வேகக் கட்டளை என 60 எண்களை 0.1 நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கணினி தாங்காது என்றால், வளைவுகளைப் பார்த்து வேகப் பட்டியலை முன்கூட்டியே தயாரித்து எம்பிசி-யிடம் கொடுத்துவிடலாம்.

இன்னொரு பாதுகாப்பு, சில வரம்புகளை நெகிழ்வாக வைப்பது. மீறலாம், ஆனால் மீறினால் பெரிய அபராதம். பக்கவாட்டு முடுக்கத்துக்கு இது சரி. 6 மீ/வி² என்பது உலர்ந்த தார் ரோட்டில் டயர் பொதுவாகத் தாங்கக்கூடியது, உள்ளே இருப்பவருக்குத்தான் அசௌகரியம். மழை பெய்த ரோட்டில் அதே எண் காரைச் சறுக்க வைக்கலாம். அதனால் அபராதம் எவ்வளவு என்பதை ரோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஸ்டீயரிங் கோணத்தின் வரம்பை மட்டும் நெகிழ்த்தவே கூடாது. சக்கரம் 30 டிகிரியில் முட்டி நிற்கும் காரிடம் 35 டிகிரி கேட்டால், திட்டம் காகிதத்தில் வளைவை முடித்துவிடும். கார் முடிக்காது.