பச்சை வெள்ளைக்கரு இல்லாத ராயல் ஐசிங்

ராயல் ஐசிங்கில் சேர்வது மூன்றே பொருள்கள்: ஐசிங் சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, சில துளி எலுமிச்சைச் சாறு. வெண்ணெய் இல்லை, அடுப்பு வேலையும் இல்லை. அடித்துக் குழைத்த கலவையைப் பிஸ்கட்டின் மேல் பிழிந்துவிட்டால், சில மணி நேரத்தில் அது தானாகவே காய்ந்து, விரலில் ஒட்டாத கெட்டிப் பூச்சாகிவிடும். அதன் மேல் இன்னொரு நிறத்தில் கோடு இழுக்கலாம், எழுத்து எழுதலாம், காய்ந்த பிஸ்கட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பெட்டியில் வைக்கலாம். வெண்ணெய் கிரீமில் இது நடக்காது. கிறிஸ்துமஸ் பிஸ்கட்டுகளில் பனித்துளியும் நட்சத்திரமும் வரைகிறவர்கள் இதையே நாடுவதற்குக் காரணம் இந்தக் கெட்டித்தன்மைதான்.

அது எப்படிக் கெட்டிப்படுகிறது என்பது தெரிந்தால், செய்முறையில் வரும் மற்ற எல்லாமே எளிதில் விளங்கும். வெள்ளைக்கருவில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர். மீதி பெரும்பாலும் புரதம். அந்தத் தண்ணீர் சர்க்கரையில் ஒரு பகுதியைத்தான் கரைக்கும். மிச்சம் நுண்ணிய துகளாகவே பாகில் மிதந்துகொண்டிருக்கும். அடிக்கும்போது உள்ளே புகும் காற்றைச் சின்னச் சின்னக் குமிழிகளாகப் பிடித்து வைப்பது புரதத்தின் வேலை. கலவை வெளுப்பதும், பிழிந்த இடத்திலேயே வழியாமல் நிற்பதும் அதனால்தான். பிறகு தண்ணீர் ஆவியாக ஆவியாக, கரைந்திருந்த சர்க்கரை மறுபடி படிகமாகித் துகள்களை ஒன்றோடொன்று பிணைக்கிறது. ஆக, இதற்குத் தேவை புரதமும் அளவான தண்ணீரும் மட்டுமே. அந்தப் புரதம் அப்போதுதான் உடைத்த முட்டையிலிருந்து வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை.

பச்சை முட்டையைத் தவிர்ப்பதற்குக் காரணம் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா. அது முட்டையோட்டின் மேல் இருக்கலாம். தொற்றுள்ள கோழி இட்ட முட்டையென்றால் ஓட்டுக்கு உள்ளேயும் இருக்கலாம். ஆகவே முட்டையைக் கழுவிவிட்டு உடைப்பது பாதுகாப்பாகாது. 'இவ்வளவு சர்க்கரை போடுகிறோமே, கிருமி தங்குமா?' என்று பலரும் நினைக்கிறார்கள். சர்க்கரை தண்ணீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் சால்மொனெல்லா பெருக முடியாது என்பது உண்மை. ஆனால் பெருகாமல் இருப்பது வேறு, சாவது வேறு. உலர்ந்த உணவுப் பொருள்களில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சில துளி எலுமிச்சைச் சாறும் அதைக் கொல்லாது. ஐசிங் பூசிய பிஸ்கட்டை இளஞ்சூட்டு அவனில் காட்டினால் சரியாகிவிடும் என்பதும் பலிக்காது. ஈரம் குறைந்த இடத்தில் சால்மொனெல்லா சூட்டை இன்னும் அதிகமாகத் தாங்கும். இந்தப் பிஸ்கட்டுகளைப் பெரும்பாலும் விரும்பிச் சாப்பிடுகிறவர்கள் சிறு குழந்தைகள். அவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும்தான் இந்தத் தொற்று கடுமையாகத் தாக்கும்.

மாற்று இரண்டு. முதலாவது, பாஸ்டுரைஸ் செய்த திரவ வெள்ளைக்கரு. குளிரூட்டிய பாக்கெட்டில் கிடைக்கிறது. வெள்ளைக்கருவை ஏறக்குறைய 57 டிகிரி செல்சியஸ் சூட்டில் மூன்றரை நிமிடம் வைப்பது அமெரிக்காவில் வழக்கமான முறை. பாலைச் சூடாக்கும் அளவுக்கு இதைச் சூடாக்க முடியாது. வெள்ளைக்கருவின் புரதங்களில் ஒன்று 60 டிகிரியைத் தாண்டியதுமே திரளத் தொடங்கிவிடும். கிருமி சாகும் சூட்டுக்கும் முட்டை வேகும் சூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி அவ்வளவு குறுகலானது. அதனால்தான் வீட்டில் கொதிநீரை ஊற்றியோ கையால் தொட்டுப் பார்த்தோ இதைச் செய்ய முயல்வது வீண். பாக்கெட் வெள்ளைக்கரு பச்சை வெள்ளைக்கருவைவிட மெதுவாகத்தான் நுரைக்கும். மெரிங் செய்கிறவர்கள் இதைக் குறை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராயல் ஐசிங்குக்கு அவ்வளவு நுரை வேண்டியதில்லை. சற்றுக் கூடுதல் நேரம் அடித்து, எலுமிச்சைச் சாறோ கிரீம் ஆஃப் டார்டாரோ சேர்த்தால் போதும். அந்தப் புளிப்பு நுரை குலையாமல் நிற்கத் துணை செய்யும்.

இரண்டாவது மாற்று மெரிங் பவுடர். இதன் அடிப்படை, உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி. வெள்ளைக்கருவில் இயற்கையாகவே சிறிதளவு குளுக்கோஸ் உண்டு. அதோடு உலர்த்தினால் பொடி நாளடைவில் பழுப்பேறி நாற்றமடிக்கும் என்பதால், முதலில் நொதியாலோ நொதிக்க வைத்தோ அந்தக் குளுக்கோஸை நீக்கிவிடுகிறார்கள். தெளித்து உலர்த்திய பொடியைப் பிறகு 54 டிகிரிக்குக் குறையாத வெப்ப அறையில் ஒரு வாரம் வைக்கிறார்கள். ஈரமில்லாத பொடி என்பதால் புரதம் திரளாது. கிருமியைக் கொல்வது அந்த நீண்ட கால அவகாசம். இந்தப் பொடியோடு சர்க்கரை, சோளமாவு, பிசின், புளிப்புக்கான அமிலம் ஆகியவற்றைக் கலந்தால் மெரிங் பவுடர். அறை வெப்பத்திலேயே பல மாதம் கெடாது. பிசின் சேர்ந்திருப்பதால் ஐசிங் கொஞ்சம் மன்னிக்கும் குணத்தோடும் வரும், அதாவது தண்ணீர் ஒரு துளி கூடினாலும் உடனே வழிந்தோடாது. வீட்டில் எப்போதாவது செய்கிறவர்களுக்கு இரண்டில் இதுவே வசதி.

கடையில் வாங்கும்போது லேபிளைப் பார்ப்பது அவசியம். 'எக் ஆல்புமின்' என்று மட்டும் போட்டு வருவது வேறெதுவும் கலக்காத வெள்ளைக்கருப் பொடி. அதில் ஏறக்குறைய 4 கிராமுக்கு 30 மில்லி தண்ணீர் சேர்த்தால் ஒரு முட்டையின் வெள்ளைக்கருவுக்குச் சமம். மெரிங் பவுடரில் சர்க்கரையும் மாவும் இருப்பதால் அதே பலனுக்கு அதிகமாகப் போட வேண்டும். ஒன்றின் அளவை மற்றதற்குப் போட்டால் ஐசிங் நிச்சயம் கெடும். பச்சைப் புள்ளியோடு வரும் 'முட்டையில்லாத' மெரிங் பவுடரில் இருப்பது வேறு புரதம். அதற்கு அந்தப் பாக்கெட்டில் உள்ள அளவுதான் பொருந்தும்.

இரண்டு டஜன் நட்சத்திர பிஸ்கட்டுகளுக்கு வெள்ளைப் பூச்சும் அதன் மேல் சிவப்புப் புள்ளிகளும் வைப்பதாகக் கொள்ளலாம். இதற்கு 500 கிராம் ஐசிங் சர்க்கரை, 3 மேசைக்கரண்டி மெரிங் பவுடர், 80 முதல் 90 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் போதும். பாக்கெட் வெள்ளைக்கரு என்றால் பவுடரும் தண்ணீரும் வேண்டாம். 90 கிராம் வெள்ளைக்கருவும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் அந்த இடத்தைப் பிடிக்கும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது கண்ணாடியாக இருக்கட்டும். எண்ணெய்ப் பசை துளி இருந்தாலும் நுரை எழாது. பிளாஸ்டிக் கிண்ணத்தில் அந்தப் பசை எவ்வளவு தேய்த்தாலும் முழுதாகப் போவதில்லை.

பவுடரைத் தண்ணீரில் போட்டுக் கட்டியில்லாமல் கலக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட வேண்டும். உலர்ந்த புரதம் தண்ணீரை உறிஞ்ச அவகாசம் தராவிட்டால் ஐசிங்கில் குருணை தட்டும். மெல்லிய நாசிலில் போய் அடைத்துக்கொள்ளும். பிறகு நுரை வரும்வரை அடித்து, இரண்டு முறை சலித்த சர்க்கரையைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, மிக்சரைக் குறைந்த வேகத்தில் ஏழு முதல் பத்து நிமிடம் ஓட்ட வேண்டும். கம்பி விஸ்கைவிடத் தட்டையான பேடில் நல்லது. விஸ்க் காற்றை அதிகம் ஏற்றும், அந்தக் காற்று பூச்சில் குமிழியாக எழும்பும். தொடக்கத்தில் பளபளவென்று ஒளிபுகும்படி இருக்கும் கலவை, மெல்ல வெளுத்துப் பளபளப்பு மங்கும். கரண்டியைத் தூக்கினால் முனை நின்று, நுனி மட்டும் லேசாக வளைய வேண்டும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் அடித்தால் பஞ்சாகிப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். காய்ந்த பின் நொறுங்கும்.

இந்தப் பதத்தில் நேராகக் கோடு வரையலாம். பிஸ்கட்டின் ஓரத்தைச் சுற்றி ஒரு வரம்பு இழுப்பது இதைக் கொண்டுதான். உள்ளே நிரப்ப இளக்கமாக வேண்டும். எடுத்து வைத்த ஐசிங்கில் தண்ணீரை அரைத் தேக்கரண்டி, கடைசியில் துளித் துளி என்று சேர்த்துக் கையால் கலக்க வேண்டும். கத்தியால் நடுவே ஒரு கோடு கீறிவிட்டு எண்ணத் தொடங்கினால், பத்து முதல் பதினைந்து விநாடியில் கோடு மறைந்து மேற்பரப்பு சமமாக வேண்டும். ஐந்தே விநாடியில் மறைந்தால் தண்ணீர் அதிகம். அது வரம்பைத் தாண்டும், காய நேரம் எடுக்கும். அரை நிமிடம் ஆகியும் கோடு தெரிந்தால் பூச்சு மேடுபள்ளமாகும். நிரப்பியதும் மேலே வரும் குமிழிகளைக் குண்டூசியால் உடைத்துவிட வேண்டும். நிறத்துக்கு ஜெல் வகையே ஏற்றது. சாக்லேட்டுக்கான எண்ணெய் வண்ணம் நுரையைக் குலைத்துவிடும்.

ராயல் ஐசிங்கில் வரும் கோளாறுகளில் பாதிக்கு மேல், தண்ணீர் தாமதமாக ஆவியாவதால் வருபவை. வெள்ளையின் மேல் வைத்த சிவப்புப் புள்ளியைச் சுற்றி மறுநாள் இளஞ்சிவப்பு வளையம் தெரிந்தால், அடிப்பூச்சின் ஈரம் வண்ணத்தை இழுத்திருக்கிறது என்று பொருள். வெள்ளை முழுதாகக் காயும்வரை, எட்டு மணி நேரமாவது, பொறுத்துச் சிவப்பை வைத்தால் இது நேராது. சின்னப் புள்ளியோ குறுகிய இதழோ காயும்போது நடுவில் குழி விழுவதும் இதே காரணத்தால்தான்: மேல்தோல் இறுகுவதற்குள் உள்ளே இருப்பது அமுங்கிவிடுகிறது. பூசிய உடனே ஃபேன் காற்றில் வைத்தால் தோல் சீக்கிரம் இறுகும். மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் ஃபேன் மட்டும் போதாது. ஏசி அறையில் காய வைக்கலாம். ஃபிரிட்ஜில் வைப்பது தவறு. வெளியே எடுத்ததும் நீர் கோத்து வண்ணம் பரவிவிடும். வெள்ளைப் பூச்சில் மஞ்சளாகத் திட்டுத் திட்டாக எண்ணெய் கசிந்தால், அது ஐசிங்கின் குற்றமில்லை. பிஸ்கட்டில் வெண்ணெய் அதிகம், அல்லது அது முழுதாக ஆறுவதற்கு முன் பூசியிருக்கிறார்கள்.

வேலை நடக்கும்போது கிண்ணத்தை ஈரத்துணியால் மூடி வைக்காவிட்டால் சில நிமிடங்களிலேயே மேலே ஆடை கட்டும். மீந்த ஐசிங்கைச் சேமிப்பதில் இரண்டு வகையும் ஒன்றல்ல. மெரிங் பவுடரில் செய்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் ஒன்றிரண்டு வாரம் வைக்கலாம். வெயில் காலமென்றால் ஃபிரிட்ஜே மேல். பாக்கெட் வெள்ளைக்கருவில் செய்தது ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும், இரண்டு மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும். பாஸ்டுரைஸ் செய்தது கிருமி நீங்கியதே தவிர, திறந்த பின் புதிதாக எதுவும் சேராது என்பதற்கு உத்தரவாதமில்லை. எந்த வகையானாலும் வைத்திருந்ததில் பாகு அடியில் தங்கும். அடியோடு கிளறி, கோடு கீறி மறுபடி விநாடியை எண்ணிப் பார்த்த பிறகே பையில் நிரப்ப வேண்டும்.