முப்பத்தெட்டு நாள்களுக்குக் கணக்கு

ஓராண்டு ஊதிய உயர்வை நிறுத்தி வைக்கும் ஆணை என் கைக்கு வந்தது ஏப்ரல் 10-ஆம் தேதி. மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு இரண்டு மாதம். ஜூன் 10-இல் முடிந்தது. நான் மனுவைக் கொடுத்ததோ ஜூலை 18-இல். இடையில் 38 நாள்கள். ஆகவே மேல்முறையீட்டு மனுவோடு, தாமதத்தை மன்னிக்கக் கோரும் தனி மனுவும் வைக்க வேண்டியதாயிற்று.

முதல் வரைவில் ஒரு பக்கம் முழுக்கக் கோடை விடுமுறையைப் பற்றியே எழுதினேன். குரங்கணி மலையடிவாரப் பள்ளியில் மே மாதத்தில் ஆளில்லை, போடிக்கு இறங்கி யோசனை கேட்கவும் வழியில்லை என்றெல்லாம். அது வீண் வேலை. கெடுவுக்குள் உள்ள நாள்கள் நம்முடையவை. கடைசி நாளில்கூட மனுச் செய்யலாம். 1961-இல் ராம்லால் எதிர் ரேவா கோல்ஃபீல்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது: விளக்க வேண்டியது கெடு முடியும் நாளிலிருந்து மனுத் தாக்கல் செய்த நாள் வரையிலான காலத்தைத்தான்.

அந்த 38 நாள்களை நாள்காட்டியை வைத்துக்கொண்டு மூன்றாகப் பிரித்தேன். ஜூன் 11 முதல் 20 வரை பத்து நாள் காய்ச்சல், மருத்துவ விடுப்பு. சான்று ஏற்கெனவே பள்ளியில் உண்டு. ஜூன் 21-இல், நான் முன்பு கொடுத்த விளக்கத்தின் நகல் கேட்டு விண்ணப்பித்தேன்; ஜூலை 6-இல் கிடைத்தது. இது பதினாறு நாள். விண்ணப்பத்தின் ஒப்புகையும், நகலில் உள்ள தேதியும் ஆதாரம்.

மிச்சம் பன்னிரண்டு நாள். இதற்குத்தான் காகிதம் எதுவும் இல்லை. மருத்துவச் சான்றையே ஜூலை 18 வரை நீட்டி வாங்கிவிடலாமே என்று நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கும் சபலம் தட்டியது, மறைக்கவில்லை. ஆனால் அந்த நாள்களில் வருகைப் பதிவேட்டில் என் கையெழுத்து இருக்கிறது. ஜூன் 21-ஆம் தேதி விண்ணப்பத்திலும் இருக்கிறது. படுக்கையில் கிடந்தவர் எப்படிக் கையெழுத்திட்டார் என்ற ஒரு கேள்வியில் உண்மையான பத்து நாள் காய்ச்சலும் பொய்யாகிப் போகும்.

அதனால் நடந்ததையே எழுதினேன்: "07.07 முதல் 18.07 வரை, நேரில் முறையிட்டால் ஆணை திரும்பப் பெறப்படும் என்று நம்பி இருமுறை அலுவலகம் சென்றேன். வாய்மொழி முறையீடு மேல்முறையீட்டுக்கு ஈடாகாது என்பதை அப்போது உணரவில்லை. இது என் தவறு. வேண்டுமென்றே தாமதிக்கவில்லை."

இது வலுவான காரணம் இல்லைதான். சட்டம் தெரியாது என்பது மட்டுமே மன்னிப்புப் பெற்றுத் தராது. ஆனாலும் 1987-இல் காட்டிஜி வழக்கில், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் விளக்கம் தேவை என்பதை நடைமுறை அறிவோடு பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தாமதத்தால் மனுதாரருக்கு ஆதாயம் இல்லை என்பதையும் அது கணக்கில் கொண்டது. மூன்றில் இரண்டு பகுதிக்கு ஆவணம் இருந்து, மூன்றாவதில் ஒளிவுமறைவு இல்லாதிருந்தால் அதிகாரி நம்புவதற்கு இடமிருக்கிறது.

தாமதம் மன்னிக்கப்பட்டது. மேல்முறையீடு கோப்பில் ஏறியது, அவ்வளவுதான். ஊதிய உயர்வைப் பற்றிய விசாரணை அதன்பிறகுதான் தொடங்கியது.