நினைத்தாரா, வாதிட்டாரா?

கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவர்களிடம் ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்வது, 'திங்க்' என்ற வினையை வரிக்கு வரி எழுதாதே என்பது. மாணவரும் சொல்லகராதியைப் புரட்டி கன்டெண்ட், மெயின்டெயின், பாசிட் என்று மூன்றைப் பொறுக்கிக்கொள்கிறார். பிறகு பத்திக்கு ஒன்றாகப் போட்டுவிடுகிறார். கட்டுரை கெடுவது இந்த இடத்தில்தான். மூன்றும் ஒரே பொருளைச் சொல்லும் மாற்றுச் சொற்கள் அல்ல. ஒரு வாதத்தில் யார் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை ஒவ்வொன்றும் வேறுவிதமாகச் சொல்கிறது.

கண்டங்கள் நகர்கின்றனவா என்ற பழைய சண்டையை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய வானிலை அறிஞர் ஆல்ஃபிரட் வெகனர் 1912-இல் இந்தக் கருத்தை வெளியிட்டார். 1915-இல் அது புத்தகமாக வந்தது. ஒரு மாணவர் இதைப் பற்றி ஆங்கிலத்தில் இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள்: 'முன்பு ஒரே பெருங்கண்டம் இருந்தது என்று வெகனர் நினைக்கிறார். அது முடியாது என்று ஜெஃப்ரீஸ் நினைக்கிறார். ஆனாலும் கண்டங்கள் நகர்ந்தன என்று வெகனர் நினைக்கிறார்.' மூன்று வாக்கியத்திலும் தவறான செய்தி எதுவும் இல்லை. ஆனால் இரண்டு பேர் தனித்தனி அறையில் உட்கார்ந்து யோசிப்பதுபோல இருக்கிறது. ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொன்னார் என்பதே தெரியவில்லை.

முதல் வாக்கியத்துக்கு உரியது பாசிட். ஒன்றை இருந்ததாகக் கொண்டு, அதன்மேல் விளக்கத்தைக் கட்டுவதை இந்த வினை குறிக்கும். மீசோசாரஸ் என்ற சிறிய ஊர்வனவற்றின் புதைபடிவம் தென் அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கிடைக்கிறது. அவ்வளவு பெரிய கடலை அது நீந்திக் கடந்திருக்க முடியாது. இரண்டு நிலமும் ஒட்டியிருந்தன என்று வைத்துக்கொண்டால் புதிர் அவிழ்கிறது. அந்தப் பெருங்கண்டத்தை யாரும் பார்க்கவில்லை, வெகனர் அதை அடித்தளமாக வைத்தார். ஆகவே 'வெகனர் ஒரு பெருங்கண்டத்தைப் பாசிட் செய்கிறார்' என்று பெயர்ச்சொல்லை நேராகச் சேர்த்தே ஆங்கிலத்தில் எழுதலாம். கன்டெண்ட், மெயின்டெயின் இரண்டையும் இந்தப் பொருளில் அப்படி எழுத வராது. பின்னால் 'தட்' போட்டு ஒரு முழுக் கூற்று வர வேண்டும்.

இரண்டாவது வாக்கியத்தில் எதிராளி வந்துவிட்டார். பிரிட்டிஷ் புவி இயற்பியலாளர் ஹரால்ட் ஜெஃப்ரீஸ் 1924-இல் வெளியிட்ட தம் நூலில், வெகனர் காட்டிய விசைகள் கண்டங்களை நகர்த்தப் போதவே போதாது என்று மறுத்தார். மறுப்பதற்கு ஒரு தரப்பு எதிரே இருப்பதால் இது கன்டெண்ட். எதிர்த்தரப்பே இல்லாத இடத்தில் இதைப் போடுவதுதான் மாணவர்களிடம் நான் அதிகம் காணும் பிழை. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று யாரும் 'கன்டெண்ட்' செய்ய வேண்டியதில்லை.

மூன்றாவது வாக்கியம் மெயின்டெயினுக்கு உரியது. 1929-இல் வந்த நான்காம் பதிப்பில், நகர்த்தும் விசை எது என்பது இன்னும் தீரவில்லை என்று வெகனர் ஒப்புக்கொண்டார். ஆனால் கண்டங்கள் நகர்ந்தன என்பதிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. முன்பே சொன்னது, எதிர்ப்பு வந்தது, பிறகும் விடவில்லை. இந்த மூன்றும் அமைந்தால்தான் இந்த வினை பொருந்தும். ஒருவர் முதன்முறையாகச் சொல்லும் கருத்துக்கு இதைப் போட்டால், முந்தைய பக்கம் எதையோ தவறவிட்டோமோ என்று வாசகர் தேடுவார்.

இப்போது அந்தப் பத்தி இப்படி மாறும்: 'வெகனர் ஒரு பெருங்கண்டத்தைப் பாசிட் செய்கிறார். அதை நகர்த்தும் அளவுக்கு விசை இல்லை என்று ஜெஃப்ரீஸ் கன்டெண்ட் செய்கிறார். விசை எதுவென்று தெரியாவிட்டாலும் நகர்வு உண்மை என்று வெகனர் மெயின்டெயின் செய்கிறார்.' மூன்றே வினையில் சண்டை முழுதும் வந்துவிட்டது.

'ஐ திங்க்' என்று தம் சொந்தக் கருத்தைச் சொல்லும் இடம் வேறு கதை. அங்கே மாற்றுச் சொல் தேட வேண்டாம், பெரும்பாலும் அதை எடுத்துவிட்டாலே போதும். கட்டுரையில் எழுதியிருப்பது எழுதியவரின் கருத்து என்பது வாசகருக்குத் தெரியும்.

எந்த வினை யாருக்கு என்பதும் நிலையானதல்ல. வெகனர் 1930-இல் கிரீன்லாந்துப் பயணத்தில் இறந்துபோனார். 1960-களில் கடலடித் தரையின் காந்தப் பதிவுகளை ஆராய்ந்தபோது தரை விரிந்து நகர்வது தெரிந்தது, பெரும்பாலான அறிஞர்கள் நகர்வை ஏற்றார்கள். ஜெஃப்ரீஸ் மட்டும் 1989-இல் இறக்கும்வரை ஏற்கவில்லை. ஆகவே 1924-ஆம் ஆண்டு ஜெஃப்ரீஸைப் பற்றி எழுதும்போது கன்டெண்ட், 1975-ஆம் ஆண்டு ஜெஃப்ரீஸைப் பற்றி எழுதும்போது மெயின்டெயின்.