எம்.எஸ். நீலம் தாளில் இறங்கும்போது

காஞ்சிபுரம் பட்டில் 'எம்.எஸ். புளூ' என்று ஒரு நிறம் உண்டு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரால் வழங்கும் அந்த நீலப் பட்டை உடுத்திய ஒருவரை வெயிலில் படமெடுத்து, நல்ல மானிட்டரில் திறந்தால் கண்ணைப் பறிக்கும். அதே படத்தைப் பருத்தி நாரால் ஆன மேட் தாளில் அச்சிட்டால் நீலம் மங்கும், சில நேரம் கொஞ்சம் ஊதாவும் ஏறும். அதைவிட வருத்தம் என்னவென்றால், முந்தானையின் மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து ஒரே பூச்சாகிவிடும். பிரிண்டரில் கோளாறு எதுவும் இருக்காது. அந்தத் தாளும் அந்த மையும் சேர்ந்து தரக்கூடிய நீலம் அவ்வளவுதான்.

திரை தானே ஒளியை உமிழ்கிறது. தாளோ தன்மேல் விழும் ஒளியில் மை விழுங்கியது போக மிச்சத்தைத் திருப்பித் தருகிறது. ஆகவே திரையில் தெரியும் அடர்ந்த நீலங்கள் பலவற்றை எந்த மையாலும் தாளில் கொண்டுவர முடியாது. கருப்பிலும் இதே கதைதான். வெளிச்சத்தை 0 முதல் 100 வரை அளக்கும் லேப் அளவில் பளபளப்புத் தாளின் கருப்பு 5-க்கு அருகில் நிற்கும். மேட் தாளின் கருப்போ 15-க்குக் கீழே இறங்குவது அரிது. ஒரு தாளும் பிரிண்டரும் சேர்ந்து எட்டக்கூடிய நிறங்களின் மொத்த எல்லையைக் கேமட் என்கிறார்கள். எம்.எஸ். நீலத்தின் வெயில்பட்ட பகுதிகள் மேட் தாளின் கேமட்டுக்கு வெளியே இருக்கின்றன. அச்சிடும் முன்பே இதைத் திரையில் பார்த்து, எதை விட்டுக்கொடுப்பது என்று நாமே முடிவு செய்வதற்கான வழிதான் சாஃப்ட் ப்ரூஃபிங்.

இதற்கு முதலில் வேண்டியது தாளின் ப்ரொஃபைல். .icc என்று முடியும் சின்னக் கோப்பு அது. குறிப்பிட்ட பிரிண்டரில், குறிப்பிட்ட மையால், குறிப்பிட்ட தாளில் நூற்றுக்கணக்கான நிறக் கட்டங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றையும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரால் அளந்து அதைத் தயாரிக்கிறார்கள். அதற்குள் இரண்டு வகை அட்டவணைகள் இருக்கும். 'இந்த நிறம் வேண்டும், பிரிண்டருக்கு என்ன மதிப்பு அனுப்புவது?' என்ற கேள்விக்கு ஒன்று விடை சொல்லும். 'இந்த மதிப்பை அனுப்பினால் தாளில் என்ன நிறம் விழும்?' என்பதற்கு மற்றது விடை சொல்லும். சாஃப்ட் ப்ரூஃபிங்கில் மென்பொருள் படத்தை முதல் அட்டவணை வழியாக அனுப்பி, வந்த விடையை இரண்டாவது அட்டவணை வழியாகத் திருப்பி எடுத்து, மானிட்டரின் ப்ரொஃபைல் மூலம் நமக்குக் காட்டுகிறது. அதாவது படம் ஒருமுறை தாளுக்குப் போய்த் திரும்பி வருகிறது, மை செலவில்லாமல்.

ஜெர்மனியில் 1584-லிருந்து காகிதம் செய்துவரும் ஹானமூலேயின் 'போட்டோ ராக் 308' என்ற மேட் தாளை எடுத்துக்கொள்வோம். ஹானமூலே, கான்சன், எப்சன் போன்ற நிறுவனங்கள் தங்கள் தாள்களுக்கான ப்ரொஃபைல்களை இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. உங்கள் பிரிண்டர் மாடலுக்கு உரியதைப் பார்த்து எடுக்க வேண்டும். விண்டோஸில் அந்தக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து Install Profile கொடுத்தால் போதும். வெளி லேபில் அச்சிடுவதாக இருந்தால் அவர்களிடம் கேட்டு வாங்குங்கள். சில லேப்கள் 'sRGB-யில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லிவிடும். அப்போது sRGB-யையே ப்ரொஃபைலாக வைத்து ப்ரூஃப் பார்ப்பவர்கள் உண்டு. அது தாளைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. sRGB தாளின் ப்ரொஃபைல் அல்ல, திரைக்கென்று வகுத்த ஒரு நிற எல்லை.

இனி மென்பொருளுக்கு வருவோம். லைட்ரூம் கிளாசிக்கில் டெவலப் பகுதிக்குப் போய் S விசையை அழுத்தினால் படத்தைச் சுற்றியுள்ள இடம் வெள்ளையாகும். வலது மேல் மூலையில் ஹிஸ்டோகிராம் இருந்த பேனல் Soft Proofing என்று மாறும். அதன் Profile பட்டியலில் நமது தாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு Create Proof Copy என்ற பொத்தானை அழுத்த வேண்டும். இந்தத் தாளுக்காகச் செய்யும் திருத்தங்கள் எல்லாம் ஒரு மெய்நிகர் பிரதியில் சேரும், மூலப் படம் அப்படியே இருக்கும். ஃபோட்டோஷாப்பில் இதே வேலைக்கு View > Proof Setup > Custom என்று போக வேண்டும். அங்கே Preserve RGB Numbers என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். டிக் இருக்கும்வரை, நிறமாற்றமே செய்யாமல் எண்களை அப்படியே பிரிண்டருக்கு வீசினால் என்ன வரும் என்பதைத்தான் திரை காட்டும்.

இப்போது ரெண்டரிங் இன்டென்ட். எல்லைக்கு வெளியே நிற்கும் நிறங்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்ற முடிவு இங்கேதான் நடக்கிறது. ஐசிசி ப்ரொஃபைல்களில் நான்கு இன்டென்ட்கள் உண்டு. புகைப்படத்துக்கு உதவுபவை இரண்டு. லைட்ரூமும் Perceptual, Relative என்ற அந்த இரண்டை மட்டுமே காட்டுகிறது.

ரிலேட்டிவ், படியில் நெல்லைத் தலைதட்டி அளப்பதைப் போன்றது. படிக்குள் இருப்பதைத் தொடாது, விளிம்புக்கு மேல் நிற்பதை வழித்துவிடும். சேலை கட்டியவரின் முகம், பின்னால் இருக்கும் சந்தன நிறச் சுவர் எல்லாம் கேமட்டுக்குள் இருப்பதால் அவை அசையாது. நீலத்தின் பத்து விதமான சாயல்கள் வெளியே நின்றால் பத்தும் எல்லையில் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து விழும். மடிப்புகள் கரைவது இப்படித்தான். மடிப்பு என்று நம் கண்ணுக்குத் தெரிவதே அந்தச் சாயல்களுக்கு இடையிலுள்ள வித்தியாசம் அல்லவா?

பெர்செப்சுவல் எல்லா நிறங்களையும் சேர்த்துச் சுருக்குகிறது. வெளியே நின்றவை உள்ளே வர இடம்விட்டு, ஏற்கெனவே உள்ளே இருந்தவையும் கொஞ்சம் நகர்ந்துகொள்ளும். மடிப்புகள் பிழைக்கும், ஆனால் முகத்தின் நிறமும் சற்று வாடும். இதைப் பற்றிப் பரவலாக ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. பெர்செப்சுவல் நம் படத்தைப் பார்த்து, எவ்வளவு நிறம் வெளியே நிற்கிறது என்று கணக்கிட்டு, அதற்கேற்பச் சுருக்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சுருக்கும் அளவை ப்ரொஃபைல் தயாரித்தவரின் மென்பொருள் முன்கூட்டியே அட்டவணையில் எழுதி வைத்துவிட்டது. வெளியே ஒரு நிறமும் நிற்காத வெளிறிய மூடுபனிப் படத்தையும் அது அதே அளவுதான் சுருக்கும். அதனால்தான் ஒரே தாளுக்கு இரண்டு பேர் செய்த ப்ரொஃபைல்களில் ரிலேட்டிவ் நெருக்கமாகவும் பெர்செப்சுவல் வேறுவேறாகவும் வரும். எந்தப் படத்துக்கு எது என்று பொதுவிதி சொல்ல முடியாததும் இதனால்தான். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

நம் நீலச் சேலையில் செய்து பார்ப்போம். படத்தை 100 சதவீதப் பெரிதாக்கத்தில் முந்தானை மேல் கொண்டுபோய் நிறுத்தி, Perceptual, Relative இரண்டையும் மாறிமாறிச் சொடுக்கினால் மடிப்புகளின் மேடும் பள்ளமும் ஒன்றில் தெரியும், மற்றதில் தட்டையாகும். அப்படியே முகத்துக்கு நகர்ந்து மீண்டும் மாற்றிப் பாருங்கள். இந்தப் படத்துக்கு நான் ரிலேட்டிவையே வைத்துக்கொள்வேன். வெளியே நிற்பது சேலை ஒன்றுதான், அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியும், முகத்தையும் சுவரையும் வாட்டுவானேன்? கலர் ரேஞ்ச் மாஸ்க்கால் நீலத்தை மட்டும் தேர்ந்து, சாச்சுரேஷனைச் சிறுகச் சிறுகக் குறைத்தால் ஒரு கட்டத்தில் மடிப்புகள் மெல்லத் தலைகாட்டும். அங்கே நிறுத்த வேண்டும். ஊதா ஏறியிருந்தால் நீலத்தின் Hue-வைக் கொஞ்சம் இடப்பக்கம், கடல்நீலத்தை நோக்கித் தள்ளலாம். இழந்த நிறச்செறிவுக்கு ஈடாக அதே மாஸ்க்கில் கிளாரிட்டியை லேசாக ஏற்றினால் பட்டின் மினுக்கு திரும்பக் கிடைக்கும். வானம் முழுக்கச் செக்கச்சிவந்து, வெளிச்சம் படிப்படியாக மாறும் அந்திப்படமாக இருந்தால் இப்படிப் பிரித்தெடுக்க வழியில்லை. அங்கே பெர்செப்சுவலிடம் ஒப்படைப்பதுதான் சரி.

ஹிஸ்டோகிராமின் வலது மூலைச் சின்னத்தை அழுத்தினால், தாளுக்குள் அடங்காத இடமெல்லாம் சிவப்பாகத் தெரியும். பார்த்ததும் பதறி, சிவப்பு முழுவதும் மறையும்வரை சாச்சுரேஷனைக் குறைத்துப் படத்தைச் சாகடித்தவர்கள் பலர். அந்த எச்சரிக்கை 'வெளியே இருக்கிறது' என்று மட்டும் சொல்லும், எவ்வளவு தொலைவில் என்று சொல்லாது. கண்ணுக்கே தெரியாத வித்தியாசமும் அதில் சிவப்புதான். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள அதைப் போட்டு, உடனே அணைத்துவிட்டு, மடிப்பு தெரிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவெடுங்கள். இடது மூலைச் சின்னம் காட்டும் நீலம் வேறு விஷயம். அந்த நிறங்களை உங்கள் மானிட்டராலேயே காட்ட முடியவில்லை என்று பொருள். sRGB அளவுக்கு மட்டும் நிறம் காட்டும் மானிட்டரில் சில அடர்ந்த பசுமைகளும் மயில்நீலங்களும் தாளில் வரும், திரையில் வராது. அந்த இடங்களில் சாஃப்ட் ப்ரூஃபிங்கை நம்ப முடியாது.

Simulate Paper & Ink என்ற கட்டத்தை டிக் செய்ததும் படம் வெளிறிச் சோர்ந்துவிடும். தாளின் வெள்ளையையும் மேட் கருப்பின் உண்மையான வெளிறலையும் இப்போது சேர்த்துக் காட்டுகிறது. கண் முந்தைய பளிச்சென்ற படத்துக்குப் பழகியிருப்பதால் மாற்றம் மிகைப்பட்டுத் தெரியும். டிக் செய்யும்போது வேறெங்காவது பார்த்துவிட்டு, கண் பழகிய பிறகு திரும்பிப் பார்ப்பது அச்சுக்கலைஞர்களிடம் உள்ள பழைய வழக்கம். அருகில் வேறு வெள்ளைச் சாளரங்கள் திறந்திருக்கக் கூடாது. பிறகு நிழல்களைக் கவனியுங்கள். கருங்கூந்தலில் இழை தெரியாமல் அடைத்திருந்தால் ஷேடோஸைச் சற்று ஏற்ற வேண்டும்.

இவ்வளவும் மானிட்டர் காலிபிரேட் ஆகியிருந்தால்தான் பலிக்கும். கடையிலிருந்து வரும் திரைகள் பெரும்பாலும் அளவுக்கு மீறிப் பிரகாசமானவை. அச்சு வேலைக்கு 80 முதல் 120 நிட் போதும். 'அச்சு எப்போதும் இருட்டாக வருகிறது' என்று புலம்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அச்சிடும்போது பிரிண்ட் பகுதியில் Managed by Printer என்பதை விட்டு, ப்ரூஃப் பார்த்த அதே ப்ரொஃபைலையும் அதே இன்டென்ட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரிண்டர் டிரைவரில் நிறத்திருத்தத்தை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஒரே படத்துக்கு இரண்டு முறை திருத்தம் நடந்து முகங்கள் செம்மையேறி வரும். டிரைவரில் மீடியா டைப்பாக, ப்ரொஃபைலோடு வந்த குறிப்பில் சொல்லியிருப்பதையே வையுங்கள். தாளில் விழும் மையின் அளவை அதுதான் நிர்ணயிக்கிறது. பெரிய தாளைப் போடும் முன், முந்தானையும் முகமும் வரும் ஒரு பட்டையை மட்டும் அதே தாளின் துண்டில், இறுதி அச்சின் அளவிலேயே அடித்துப் பாருங்கள். நன்கு காயவிட்டு, அந்தப் படம் தொங்கப்போகும் சுவரின் வெளிச்சத்திலேயே பிடித்துப் பார்க்க வேண்டும். பல தாள்களில் வெண்மை கூட்டும் ரசாயனம் இருப்பதால், புற ஊதாக் கதிர் உள்ள பகல் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்து தெரியும் வெள்ளை, அந்தக் கதிர் இல்லாத எல்இடி விளக்கின் கீழ் மஞ்சள் பக்கம் சாயும். அந்த மாற்றத்தைத் திரையில் எந்த ப்ரூஃபும் காட்டாது.