மாதப் போட்டியில் எதை எண்ணுவது?

புத்தளம், சிலாபம் நகரங்களில் இப்போது சலூன்களும் பெண்களுக்கான பியூட்டி பார்லர்களும் கூடிவிட்டன. முடி வெட்டி, முகம் சுத்தம் செய்து பெறும் கூலியோடு, ஷாம்பு, எண்ணெய், கிறீம் விற்பதிலும் வருமானம் உண்டு. வந்தவர் போகுமுன் அடுத்த வருகைக்குத் திகதி எழுதிக் கொண்டால் அடுத்த மாத வேலையும் உறுதி. இவ்விரண்டையும் கூட்டுவதற்காகச் சில முதலாளிமார் ஊழியரிடையே மாதப் போட்டி வைக்கிறார்கள். அதிகம் விற்றவருக்கே பரிசு என்பதுதான் வழமையான விதி. அந்த விதியில்தான் கோளாறு இருக்கிறது.

அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் வாகனம் திருத்தும் நிலையங்களை நடத்தியது. அங்கு ஊழியருக்கு விற்பனைக்கேற்ற கொமிசனும், இத்தனை உதிரிப்பாகம் விற்க வேண்டும் என்ற இலக்கும் இருந்தன. தேவையற்ற திருத்தங்களுக்குப் பணம் வாங்குவதாக 1992 ஜூனில் கலிபோர்னியா மாநில அரசு குற்றஞ்சாட்டியது. நிறுவனம் அந்தக் கொமிசன் முறையையும் இலக்குகளையும் கைவிட நேர்ந்தது. எதை எண்ணிப் பரிசு கொடுக்கிறோமோ, ஊழியர் அதையே செய்வார் என்பதற்கு இது நல்ல சான்று.

அப்படியானால் எதை எண்ணுவது? முதலாவது, ரூபாவை எண்ண வேண்டாம். ரூபாவை எண்ணினால் விலை கூடிய போத்தலைத் தலையில் கட்டவே மனம் போகும். நூறு வாடிக்கையாளரில் எத்தனை பேர் ஏதாவது ஒரு பொருள் வாங்கினார்கள் என்று பாருங்கள். திறக்காத பொருளை ஒரு கிழமைக்குள் திருப்பித் தரலாம் என்று அறிவித்து, திரும்பியதைக் கணக்கிலிருந்து கழித்து விடுங்கள்.

இரண்டாவது, கொப்பியில் எழுதிய திகதியை எண்ணாமல், அந்தத் திகதியில் உண்மையாகவே வந்தவரை எண்ணுங்கள். முன்கூட்டியே அறிவித்து நாளை மாற்றி வந்தவரையும் சேர்க்கலாம்.

உதாரணத்துக்கு மூன்று ஊழியர் உள்ள ஒரு கடையைப் பார்ப்போம். மூத்தவர் நவம்பரில் 120 பேருக்கு வேலை செய்தார். 24 பேர் பொருள் வாங்கினர். 36 பேர் சொன்ன திகதிக்கு மீண்டும் வந்தனர். அதாவது நூற்றுக்கு 20, நூற்றுக்கு 30. அரைநாள் வேலை செய்பவர் பார்த்தது 50 பேரை. 8 பேர் வாங்கினர், 20 பேர் திரும்பி வந்தனர்; நூற்றுக்கு 16, நூற்றுக்கு 40. மூன்றாமவர் 80 பேரைப் பார்த்தார். 32 பேர் வாங்கினர், அதாவது நூற்றுக்கு 40. கொப்பியில் 48 திகதி எழுதினார், வந்தவர்களோ 16 பேர்தான், நூற்றுக்கு 20.

பழைய விதிப்படி மூன்றாமவரே வென்றவர். ஆனால் எழுதிய மூவரில் ஒருவரே வந்திருக்கிறார். விற்பனை மற்றவர்களை விட மிக உயர்ந்தும் திரும்பி வருகை தாழ்ந்தும் இருந்தால், வற்புறுத்தல் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் வாய் திறந்து குறை சொல்வதில்லை, அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

ஆகவே ஒருவருக்கு மட்டும் பரிசு என்பதை விட்டு, நூற்றுக்கு 15 பேர் வாங்கி, 30 பேர் திரும்பி வந்தால் பரிசு என்று வையுங்கள். எத்தனை ஊழியர் இரு இலக்கையும் எட்டினாலும் அனைவருக்கும் ஒரே தொகை. நம் உதாரணத்தில் மூத்தவரும் அரைநாள் ஊழியரும் பெறுவர். இந்த இலக்குகளை உங்கள் கடையின் முந்தைய மூன்று மாதக் கணக்கைப் பார்த்து மாற்றிக் கொள்ளுங்கள். முப்பது பேருக்குக் குறைவாகப் பார்த்தவரின் கணக்கை அடுத்த மாதத்தோடு சேர்ப்பதே நியாயம். சிறிய எண்ணிக்கையில் இருவர் வராவிட்டாலே விகிதம் ஆடிவிடும்.

முடி வெட்டுக்கு நான்கு கிழமையும், நிறம் பூசுவதற்கு ஆறு கிழமையும் இடைவெளி வருவதால், நவம்பர் கணக்கை ஜனவரி நடுப்பகுதியில்தான் மூட முடியும். இந்தத் தாமதத்தை முன்பே சொல்லிவிடுங்கள். கற்பிட்டிக்குப் பட்டச் சறுக்கலுக்காக வரும் வெளிநாட்டவர் ஊருக்குத் திரும்பிவிடுவர். அவர்களைத் திரும்பி வரும் கணக்கில் சேர்க்காதீர்கள். பெருநாளுக்கு முந்திய நாட்களில் வருவோரை எல்லா ஊழியருக்கும் முறை வைத்துப் பிரித்துக் கொடுங்கள்.

ஊழியர் என்ன பேசலாம் என்பதற்கும் எல்லை வேண்டும். அன்று அவருக்குப் பாவித்த பொருளைப் பற்றி மட்டும், ஒரே ஒரு தடவை சொல்லலாம். "இந்த நிறம் ஆறு கிழமையில் வேரில் வெளிறித் தெரியும், ஒரு திகதி எழுதவா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் பேச்சு அத்துடன் முடிய வேண்டும்.

பரிசுப் பணம் முதலாளியின் இலாபத்திலிருந்தே வர வேண்டும். ஊழியரிடம் ஆளுக்கு இவ்வளவு என்று சேர்த்து வென்றவருக்குக் கொடுத்தால் அது சூதின் சாயலாகிவிடும். சம்பளத்தில் வெட்டி அதைப் பரிசாகத் தருவதும் பரிசல்ல.