தாமதமாக வரும் ஊழியருக்கு எழுதும் எச்சரிக்கைக் கடிதம்

மாணவர்களே, விண்ணப்பக் கடிதமும் முறைப்பாட்டுக் கடிதமும் நீங்கள் பலமுறை எழுதிப் பழகியவை. ஆனால் "அடிக்கடி தாமதித்து வரும் ஊழியர் ஒருவருக்கு முகாமையாளர் எழுதும் எச்சரிக்கைக் கடிதத்தை எழுதுக" என்று வினா வந்தால் பலர் தடுமாறுகின்றனர். கடிதத்தின் அமைப்புத் தெரியாமையால் அல்ல. கோபமாக எழுதினால்தான் எச்சரிக்கை ஆகும் என்று எண்ணுவதால். "உமது பொறுப்பற்ற போக்கு", "சோம்பல்", "இனிமேல் பொறுக்க முடியாது" என்று அரைப்பக்கம் நிரம்பிவிடும். எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தார் என்பது மட்டும் அதில் இருக்காது.

எச்சரிக்கைக் கடிதத்தை அதைப் பெறுபவர் மட்டும் படிப்பதில்லை. அதன் பிரதி ஊழியரின் தனிப்பட்ட கோவையில் சேர்க்கப்படுகிறது. பின்னர் ஒருநாள் அந்த ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டால், அவர் தொழில் நியாய சபைக்கு முறையிடலாம். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்துக்கு 1957இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் இச்சபைகள் ஏற்பட்டன. நீதியும் ஒப்புரவுமான கட்டளை எதுவோ அதை வழங்குவதே சபையின் கடமை. அங்கே அந்தக் கோவையைத் திறப்பவர் தோட்டத்தையோ துரையையோ ஊழியரையோ முன்பின் அறியாதவர். "சோம்பல்" என்ற சொல் அவருக்கு எதையும் தெரிவிக்காது. "காலை 7.10க்குத் திறந்தார்" என்பது தெரிவிக்கும். ஆகவே, ஒன்றும் அறியாத அந்த மூன்றாம் ஆளுக்கு விளங்கும்படி எழுதுக.

இனி ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டமும் ஆட்களும் கற்பனையே. ஆனால் நிலைமை மலையகத்தில் வாழும் உங்களுக்குப் புதியதல்ல.

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் மேற்கணக்கில் பிள்ளைமடுவம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மா கீழ்க்கணக்கு லயத்திலிருந்து நடந்து வருபவர். மடுவம் காலை 6.30க்குத் திறக்கப்பட வேண்டும். பெரட்டு 7.15க்கு. கைக்குழந்தை உள்ள பெண்கள் பிள்ளையை மடுவத்தில் விட்டுவிட்டுத்தான் பெரட்டுக்களத்துக்குப் போக முடியும். கதவு பூட்டிக் கிடந்தால் அவர்கள் மழையிலும் பனியிலும் பிள்ளையோடு வாசலில் நிற்கவேண்டும். பிந்திப் போனால் கங்காணியின் ஏச்சு அவர்களுக்கு; திருப்பி அனுப்பப்பட்டால் அன்றைய பேரும் இல்லை. ஒருவரின் தாமதம் பத்துப் பேரின் தாமதமாகிறது. ஆயம்மாவின் தாமதம் கவ்வாத்து வெட்டும் ஒருவரின் தாமதத்தைவிடப் பாரதூரமானது என்பதற்குக் காரணம் இதுவே. கடிதத்தில் அந்தக் காரணமும் வரவேண்டும்.

தாய்மார் முறையிட்டதும் முகாமையாளர் உடனே கடிதம் எழுத உட்காரக்கூடாது. முதலில் பதிவைப் பார்க்க வேண்டும். மடுவத்துப் பதிவேட்டில் ஆயம்மாவின் கையொப்பம் மட்டுமே இருந்தது, நேரம் இல்லை. ஆகவே அது சான்றாகாது. இதற்கு முன் மே 14ஆம் திகதி வாய்மொழியாக எச்சரித்திருந்ததால், ஜூன் மாதத்தில் வெளிக்கள உத்தியோகத்தர் தாமே மடுவத்தடிக்குச் சென்று, கதவு திறந்த நேரத்தைத் தம் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். அதில் ஆறு நாள்கள் தாமதமாகத் தெரிந்தன.

அடுத்தபடி விளக்கம் கோருதல். எச்சரிக்கை என்பது ஒரு தீர்மானம். மறுபக்கத்தைக் கேளாமல் தீர்மானம் செய்யலாகாது. ஆறு திகதிகளையும் நேரங்களையும் குறிப்பிட்டு, "இவற்றுக்கு உமது விளக்கம் என்ன?" என்று ஜூன் 27இல் கேட்கப்பட்டது. 29இல் ஆயம்மா பதில் எழுதிக் கொடுத்தார். 13ஆம் திகதி இரவு மழையில் மண் சரிந்து இரு கணக்குகளுக்கும் இடையிலான பாதை அடைபட்டிருந்தது. 18ஆம் திகதி மகளுக்குக் காய்ச்சல். வைத்தியசாலைத் துண்டை இணைத்திருந்தார். மற்றைய நான்கு நாள்களும் பீலியில் தண்ணீர் பிடிக்க வரிசையில் நின்றதால் பிந்தியதாக எழுதியிருந்தார்.

நியாயம் சோதிக்கப்படும் இடம் இதுதான். ஆறு நாளையும் அப்படியே எழுதிவிட்டால் கடிதம் பலமாகத் தோன்றும். ஆனால் மண்சரிவு நாளும் அதிலிருப்பதைப் பின்னர் ஒருவர் சுட்டிக்காட்டினால் மற்ற நான்கு நாள்களின் மீதும் ஐயம் விழும். ஆகவே இரண்டு நாள்களை நீக்க வேண்டும். நீக்கியதைக் கடிதத்திலேயே சொல்லவும் வேண்டும். தண்ணீர் வரிசை உண்மையான கஷ்டமே. எனினும் அது தினமும் இருப்பது, முன்கூட்டியே தெரிவது. அதை மன்னிப்பதற்குரிய காரணமாகக் கொள்ளாமல், தீர்ப்பதற்குரிய காரணமாகக் கொள்வது பொருத்தம். இதில் வேறு கருத்துடையோரும் இருக்கலாம். பீலியைத் திருத்துவது தோட்டத்தின் பொறுப்பு என்று தோட்டத் தலைவர் வாதித்தால் அதிலும் நியாயம் உண்டு.

இப்போது கடிதத்தைப் பாருங்கள்.

…………. தோட்டம்,
ஹட்டன்.
2024.07.02

திருமதி ……………….,
பிள்ளைமடுவப் பொறுப்பாளர்,
மேற்கணக்கு.

அம்மணி,

கடமைக்குத் தாமதமாக வருதல் – எழுத்துமூல எச்சரிக்கை

மேற்கணக்குப் பிள்ளைமடுவத்தைக் காலை 6.30க்குத் திறப்பது தங்கள் கடமையாகும். இது பற்றி 2024.05.14 அன்று தங்களுடன் நேரில் பேசப்பட்டது. அதன் பின்னரும் ஜூன் மாதத்தில் பின்வருமாறு மடுவம் பிந்தித் திறக்கப்பட்டதை வெளிக்கள உத்தியோகத்தர் நேரிற் கண்டு குறித்துள்ளார்: 4ஆம் திகதி 6.55க்கு, 7ஆம் திகதி 7.05க்கு, 11ஆம் திகதி 7.10க்கு, 25ஆம் திகதி 6.50க்கு.

தாங்கள் 2024.06.29 அன்று தந்த விளக்கத்தை வாசித்தேன். 13ஆம் திகதி மண்சரிவினாலும் 18ஆம் திகதி மகளின் சுகவீனத்தினாலும் ஏற்பட்ட தாமதங்களை ஏற்றுக்கொண்டு கணக்கிலிருந்து நீக்கியுள்ளேன். தண்ணீர் பெறுவதிலுள்ள சிரமத்தை அறிகிறேன். ஆயினும் அது முன்கூட்டியே தெரிந்ததாகையால் மற்றைய நான்கு நாள்களுக்கும் போதிய காரணமாகாது.

11ஆம் திகதி பதினொரு தாய்மார் பிள்ளைகளுடன் வாசலில் காத்து நின்றனர். அவர்களில் ஐவர் பெரட்டுக்குப் பிந்தினர்.

இன்று முதல் மடுவம் 6.30க்குத் திறக்கப்பட வேண்டும். திறந்த நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடவும். வர இயலாத நாளில் 6.00 மணிக்கு முன் வெளிக்கள உத்தியோகத்தருக்கு அறிவித்தால் மாற்று ஒழுங்கு செய்யப்படும். கீழ்க்கணக்குப் பீலியைப் பார்வையிட்டு இம்மாதம் 15ஆம் திகதிக்கு முன் எனக்கு அறிக்கை தருமாறு அவரிடம் கூறியுள்ளேன்.

தகுந்த காரணமின்றி மீண்டும் தாமதம் ஏற்பட்டால் முறையான ஒழுக்காற்று விசாரணை நடத்தப்படும். ஆறு மாதங்களுக்குள் அவ்வாறு ஏற்படாவிடின் இக்கடிதம் அதன் பின் தங்களுக்கு எதிராகக் கொள்ளப்படமாட்டாது. இதிலுள்ள விபரம் ஏதும் தவறெனக் கருதினால் ஏழு நாள்களுக்குள் எழுதித் தரலாம். அதுவும் கோவையில் சேர்க்கப்படும்.

இப்படிக்கு,
………………….
முகாமையாளர்

இக்கடிதத்தில் ஏச்சு ஒன்றும் இல்லை. ஆனால் தப்பிச் செல்ல இடமும் இல்லை. நான்கு நாள்களின் தாமதத்தையும் கூட்டினால் 25, 35, 40, 20 ஆக 120 நிமிடங்கள். "இரண்டு மணிநேர வேலை இழப்பு" என்று எழுதவும் முடியும். ஆனால் தாய்மார் வாசலில் நின்றதைவிட அந்தக் கூட்டுத்தொகை எதையும் அதிகமாகச் சொல்லவில்லை என்பதால் விடப்பட்டது.

"கடும் நடவடிக்கை எடுக்கப்படும்" என்று எழுதுவோர் பலர். என்ன நடவடிக்கை என்று தெரியாத மிரட்டல் பெறுபவரைக் குழப்பும். எழுதியவரையும் பின்னர் சிக்கவைக்கும். "வேலையிலிருந்து நீக்கப்படுவீர்" என்று எழுதுவதோ விசாரணைக்கு முன்பே தீர்ப்பைச் சொல்வதாகும். எனவே அடுத்த படி எதுவோ அதை மட்டும் குறிப்பிடுக. கடிதத்திலேயே சம்பளத்தில் தண்டப்பணம் கழிப்பதாக எழுதவும் கூடாது. சம்பளத்தில் எதைக் கழிக்கலாம் என்பதைச் சட்டம் வரையறுத்துள்ளது. முகாமையாளர் விரும்பியபடி கழிக்க முடியாது. வேறு குறைகளையும் இதில் கலக்க வேண்டாம். மடுவம் கூட்டப்படவில்லை, பால்மாக் கணக்கு சரியில்லை என்பன உண்மையானாலும் அவை வேறு விடயங்கள். அவற்றுக்கும் தனியே விளக்கம் கேட்க வேண்டும்.

தோட்டங்களில் தாமதத்துக்கு இவ்வளவு நிதானம் எப்போதும் காட்டப்பட்டதில்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிலாளர் கட்டளைச் சட்டத்தின்படி, தகுந்த காரணமின்றி வேலைக்கு வராத தொழிலாளி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுச் சிறைக்கும் அனுப்பப்படலாம் என்றிருந்தது. அன்று தொழிலாளியிடம் விளக்கக் கடிதம் கேட்டவர் யாருமில்லை.

கடிதத்தை எந்த மொழியில் எழுதுவது என்பதும் ஒரு கேள்வி. தோட்டக் காரியாலயங்களில் ஆங்கிலத்தில் அச்சடித்த படிவங்கள் நெடுங்காலம் இருந்தன. வாசிக்க முடியாத கடிதத்தில் எச்சரிக்கப்பட்டதாக ஒருவரைச் சொல்வது கடினம். ஆயம்மா தமிழ் வாசிப்பவர் என்பதால் தமிழிலேயே எழுதப்பட்டது. வாசிக்கத் தெரியாதவராயின் வாசித்துக் காட்டி, வாசித்தவரின் பெயரையும் கீழே குறிக்க வேண்டும்.

கடைசியாக ஒப்படைத்தல். இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை ஆயம்மாவிடம் தனியறையில் கொடுக்க வேண்டும். பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னிலையிலும் அல்ல. அவர் விரும்பினால் தோட்டத் தலைவரை உடன் வைத்துக்கொள்ளலாம். மற்றப் பிரதியின் அடியில் "இக்கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையொப்பம் வாங்குவர். "தவறை ஒப்புக்கொண்டேன்" என்று எழுதுவது பிழை; பெற்றதற்கும் ஒப்புக்கொண்டதற்கும் வித்தியாசம் உண்டு. அவர் கையொப்பமிட மறுத்தால் வற்புறுத்தத் தேவையில்லை. மறுத்த திகதியையும் நேரத்தையும் அப்பிரதியிலேயே எழுதி, உடனிருந்த ஒருவர் சாட்சியாகக் கையொப்பமிட, மற்றப் பிரதியைப் பதிவுத் தபாலில் அவரது லய முகவரிக்கு அனுப்பி, தபாற் பற்றுச்சீட்டைக் கோவையில் இணைத்துவிடலாம்.